அனுப்புநர், பெறுநர்... அப்புறம்? ஒரு கடிதத்துக்கு 5 மார்க் எப்படிப் போடுறாங்க

போன எபிசோடுக்கு வந்த கேள்வி இது: "லெட்டர்ல ஃபார்மேட் கரெக்டா இருந்தா ஃபுல் மார்க்தானே?" இல்லை. இன்னிக்கு ரெண்டு விடைத்தாளை நாமளே திருத்திப் பார்ப்போம்.

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் அலுவல் கடிதத்துக்கு 5 மதிப்பெண். அதைப் பிரிக்கிற விதம்: வடிவத்துக்கு 1, உள்ளடக்கத்துக்கு 2, கருத்துகளை அடுக்கும் ஒழுங்குக்கு 1, மொழிப் பிழையின்மைக்கு 1. நம்ம மாநிலப் பாடத்திட்டத் தமிழ்த் தாளிலும் கடிதத்துக்கு 5 மார்க்தான். அதனால சிபிஎஸ்இ அளவுகோலை எடுத்து ஒரு தமிழ்க் கடிதத்து மேல வைக்கிறேன், புரிஞ்சுக்க சுலபமா இருக்கும்.

கேள்வியை நானே அமைச்சுக்கிறேன். திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில், கிரிவலப் பாதையை ஒட்டின தெருவில் விளக்குகள் பழுது. இரவில் நடப்பவர்களுக்கு வரும் இடையூறுகளைச் சொல்லி, ஆவன செய்யும்படி மாநகராட்சி ஆணையருக்கு எழுதணும். (2024-ல்தான் திருவண்ணாமலை மாநகராட்சி ஆச்சு. பழைய பழக்கத்துல 'நகராட்சி'ன்னு எழுதிட்டா அது பொது அறிவுப் பிழை. ஆனா கேள்வியிலேயே 'மாநகராட்சி'ன்னு இருக்கும்போது அதை மாத்தி எழுதக் கூடாது.)

முதல் தாள். அனுப்புநர் இடத்தில் 'அ.அ.அ.', பெறுநர், பொருள், ஐயா, இப்படிக்கு, இடம், நாள், உறைமேல் முகவரி, எல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்கு. உள்ளே மூணே வாக்கியம்: "எங்கள் தெரு விளக்குகளைச் சரிசெய்ய வேண்டுகிறேன். விளக்குகள் பழுதடைந்துள்ளன. எனவே ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

வடிவம் 1. பிழை எதுவும் இல்லை, அதுக்கும் 1. ஆனா உள்ளடக்கம்? கேள்வி இடையூறுகளைக் கேட்டது, ஒண்ணுகூட இல்லை. கேள்வித்தாளில் இருந்த வரியையே திருப்பிக் கொடுத்திருக்கார். அரை மார்க். கோரிக்கை முதல்ல வருது, பிரச்சினை நடுவுல, திரும்பவும் கோரிக்கை. ஒழுங்குக்கு அரை. மொத்தம் 3.

ரெண்டாவது தாள் பார்க்கவே கொஞ்சம் அலங்கோலம். பொருள் வரி இல்லை, நாள் இல்லை. ஆனா உள்ளே: பத்து நாளா மூணு கம்பத்தில் வெளிச்சம் இல்லை, டியூஷன் முடிஞ்சு வர்ற பிள்ளைங்க பள்ளத்தில் இடறுறாங்க, பௌர்ணமிக்கு வெறுங்காலோட நடக்கிறவங்க வருவாங்க, அதுக்குள்ள சரிசெய்யணும். நடுவுல ஒரு வரி: "உங்கள் ஊழியர்கள் தூங்குகிறார்களா?" கூடவே 'பழுதடைந்துல்லது'ன்னு மூணு இடத்தில்.

வடிவம் அரை. உள்ளடக்கம் முழு 2, ஏன்னா என்ன நடந்தது, யாருக்குப் பாதிப்பு, எப்போதைக்குள்ள வேணும்னு மூணும் இருக்கு. அந்தப் பிழை மூணு தடவை வந்தாலும் ஒரே பிழைதான். ஒரு தவறுக்கு ஒரு முறைதான் குறைக்கணும்னு சிபிஎஸ்இ திருத்துநர்களுக்கு எழுத்திலேயே சொல்லுது. அரை குறைச்சு, பிழையின்மைக்கு அரை.

இப்போ அந்தத் 'தூங்குகிறார்களா'வை எங்க குறைப்பது? இங்கதான் சிக்கல். தொனிக்குன்னு அந்த நாலு தலைப்பில் தனி இடம் கிடையாது. தகவல் எதுவும் கெடலை, அதனால உள்ளடக்கத்தில் கை வைக்க மாட்டேன். கருத்தைக் கொண்டுபோற விதம்தான் கெட்டிருக்கு, ஒழுங்குல அரை குறைக்கிறேன். மொத்தம் மூணரை. இன்னொருத்தர் உள்ளடக்கத்திலேயே அரையைக் குறைச்சா? அப்பவும் மூணரைதான். ரெண்டு இடத்திலயும் குறைச்சாத்தான் மாணவருக்கு அநியாயம்.

தொனின்னா பணிவைக் கூட்டுறதுன்னும் நினைச்சுடாதீங்க. "தங்கள் பொற்பாதம் பணிந்து"ன்னு ஆணையருக்கு எழுதினா அதுவும் தொனிப் பிழைதான். "பௌர்ணமிக்கு முன் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" போதும்.

ஆக அலங்கோலமான தாள் அரை மார்க் முன்னாடி. ஆனா மேலோட்டமா பார்த்தா முதல் தாளுக்குத்தான் கை நாலு போடும், ஏன்னா கண்ணுக்கு முதல்ல தெரியுறது வடிவம். நம்ம பாஷையில சொன்னா, படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கான்னு பார்த்துட்டு உள்ளே என்ன இருக்குன்னு பார்க்காம விடுற மாதிரி. சிபிஎஸ்இ-யில் ஒவ்வொரு திருத்துநரும் முதல் நாள் திருத்தின முதல் அஞ்சு தாளைத் தலைமைத் திருத்துநர் பார்ப்பார். ஆறாவது தாள்லேருந்து சறுக்காம இருக்க ஒரு வழி: முகவரியை விட்டுட்டு நடுப் பத்தியை முதல்ல படிச்சு உள்ளடக்க மார்க்கை எழுதிடறது. அப்புறம் மேல போய் 'நாள்' இருக்கான்னு தேடலாம்.