விளைச்சற் கணக்கை ஆராய்தல்

சென்னையினின்று தெற்கே கடற்கரைச் சாலை வழியே செல்வோர் முட்டுக்காட்டுக் காயலைக் கடந்ததும் கோவளத்தை அடைவர். ஊரின் கிழக்கே வங்கக்கடல். மேற்கே உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும். அவற்றிற்கு அப்பால் கேளம்பாக்கத்து உப்பளங்கள். இன்னும் உள்ளே திருப்போரூர்ப் பக்கம் சென்றால் ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் வயல்களைக் காணலாம். அவ்வயல்களுள் ஒன்றை உடைய உழவர் ஒருவர் கையில் வேளாண்மை ஆராய்ச்சி இதழ் ஒன்று கிடைக்கிறது எனக் கொள்க. ‘திருந்திய நெல் சாகுபடி’ என்னும் முறையால் விளைச்சல் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பங்கு மிகுந்தது என்று அதிலுள்ள கட்டுரை ஒன்று கூறுகிறது. அவர் அதனை நம்பலாமா? நம்பினும், தம் வயலில் அம்முறையைக் கைக்கொள்ளலாமா? இவை வேறு வேறான இரண்டு வினாக்கள்.

முறை இன்னதென்பதை முதற்கண் அறிதல் வேண்டும். இது 1980களில் மடகாஸ்கர்த் தீவில் ஹென்றி தெ லொலானியே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் உழவர்களோடு பழகிக் கண்டது. வழக்கமான நடவில் ஏறக்குறைய 25 நாள் வளர்ந்த நாற்றைக் குத்துக்கு இரண்டு மூன்றாக நெருக்கி நட்டு, வயலில் நீரைத் தேக்கி வைப்பர். திருந்திய முறையிலோ 14 நாளே ஆன இளநாற்றை, குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நடுவர். மண்ணில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றிய பின்னரே மறுமுறை நீர் பாய்ச்சுவர். உருளும் களைக்கருவியைப் பலமுறை ஓட்டி, களைகளை மண்ணிலேயே அமுக்கி விடுவர்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் 2003-2004ஆம் ஆண்டில் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் 100 உழவர்களின் நிலங்களில் இம்முறையைச் சோதித்தனர். ஒவ்வோர் உழவரும் தம் நிலத்திலேயே வழக்கமான முறையில் ஒரு பகுதியையும் திருந்திய முறையில் ஒரு பகுதியையும் பயிரிட்டார். சராசரி விளைச்சல் வழக்கமான முறையில் எக்டேருக்கு 5,657 கிலோ. திருந்திய முறையில் 7,227 கிலோ. வேறுபாடு 1,570 கிலோ. அதனை 5,657ஆல் வகுத்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பங்கு வருகிறது. கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆயினும் ஒரு கட்டுரையை ஆராய்வோர் கணக்குச் சரியாக இருப்பதைக் கண்டு நின்றுவிடுதல் ஆகாது.

இச்சோதனை அமைப்பின் சிறப்பை முதலிற் சொல்லுதல் முறை. ஒருவர் வயலைப் புதிய முறைக்கும் வேறொருவர் வயலைப் பழைய முறைக்கும் கொடுத்திருந்தால், மண்ணின் வேற்றுமையும் உழைப்பின் வேற்றுமையும் முறையின் வேற்றுமையோடு கலந்து போயிருக்கும். இங்கோ ஒருவரே இரண்டையும் செய்தார்; அவருடைய நிலம் அவருடைய நிலத்தோடேயே ஒப்பிடப்பட்டது. இவ்வாறு இணை சேர்த்து ஒப்பிடுதல் நல்ல முறையாகும்.

ஆனால் அந்த இரு பகுதிகளுள் எது புதிய முறைக்கு என்று தீர்மானித்தவர் யார்? ஒரே வயலிலும் மடை வாய்க்காலை அடுத்த பக்கம் ஒரு மாதிரியும் மேட்டுப் பக்கம் ஒரு மாதிரியும் விளைவதை உழவர் எவரும் அறிவர். புதியதைச் செய்து காட்டும் ஆர்வத்தில் நல்ல பக்கத்தை அதற்கு ஒதுக்குதல் மனித இயல்பு, வஞ்சனை வேண்டியதில்லை. இதனைத் தவிர்க்கவே, இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1919 முதல் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர், எந்தப் பகுதிக்கு எந்த முறை என்பதைத் திருவுளச்சீட்டுப் போலத் தற்செயலுக்கே விட்டுவிட வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆதலின் இத்தகைய கட்டுரையைப் படிப்போர், முடிவுரைக்குச் செல்லுமுன், சோதனை செய்த விதத்தைச் சொல்லும் பகுதியில் இவ்வொதுக்கீடு எவ்வாறு நடந்தது என்று தேடுதல் வேண்டும். அங்கு அது கூறப்படவில்லையெனின், கூறப்படவில்லை என்பதையே ஒரு குறையாகக் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, வேறுபாடு தற்செயலாய் வந்ததோ என்னும் ஐயம். 100 உழவர்களுக்கும் ஒரே அளவான மிகுதி கிடைத்திராது. சிலர்க்கு மிகுதியும் சிலர்க்குக் குறைவும் கிடைத்திருக்கும். அந்த வேறுபாடுகள் சராசரியினின்று ஏறக்குறைய 1,500 கிலோ அளவிற்குச் சிதறியிருந்தன என்று எடுத்துக்காட்டிற்காக வைத்துக்கொள்வோம். சராசரியின் ஊசலாட்டத்தை அறிய, இந்தச் சிதறலை உழவர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 100இன் வர்க்கமூலம் 10. ஊசலாட்டம் 150 கிலோ. 1,570 என்பது அதனைப் போல் பத்து மடங்கு. இது தற்செயலாய் வருவதன்று. நான்கே உழவர்களைக் கொண்டு செய்திருந்தால் 1,500ஐ 2ஆல் வகுக்க, ஊசலாட்டம் 750 கிலோ ஆகும். அப்போது அதே 1,570 கிலோவைக் கொண்டு உறுதியாக எதையும் சொல்ல இயலாது. சிதறலைக் கூறாது சராசரியை மட்டும் அச்சிடும் கட்டுரை பாதிக் கணக்கையே தருகிறது.

தற்செயல் அன்று என்று தெளிந்தபின்னும், அம்மிகுதி எதனால் வந்தது என்பது தெளிந்துவிடவில்லை. இளநாற்று, ஒற்றை நாற்று, அகன்ற இடைவெளி, காய்ச்சலும் பாய்ச்சலுமான நீர், களைக்கருவி ஆகிய ஐந்தும் ஒருங்கே மாறின. மிகுதியில் பெரும்பங்கு களைக்கருவியால் மட்டும் வந்திருக்கவும் கூடும். இரு பகுதிகளை மட்டும் ஒப்பிடும் சோதனை, முழு முறையின் பயனைச் சொல்லுமேயன்றி, அதன் உறுப்புகளின் பயனைத் தனித்தனியே சொல்லாது. ஆதலின் அக்கட்டுரையில் எவரேனும் ‘இளநாற்றே விளைச்சலைப் பெருக்கிற்று’ என்று எழுதினால், அது சான்றைக் கடந்த கூற்றாகும்.

எதனோடு ஒப்பிட்டனர் என்னும் வினா இவை எல்லாவற்றினும் பெரியது. ‘வழக்கமான முறை’ என்பது ஊர்தோறும் வேறு. உரமும் களையெடுப்பும் குறைந்த வழக்கத்தோடு ஒப்பிட்டால் எந்தத் திருந்திய முறையும் வெற்றி பெறும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்டொனால்டு, ஹாப்ஸ், ரீஹா என்னும் மூவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பல நாடுகளின் சோதனைகளைத் தொகுத்து, திருந்திய முறையை அவ்வவ்விடத்து அறிவியலார் பரிந்துரைத்த சிறந்த முறையோடு ஒப்பிட்டனர். மடகாஸ்கர்ச் சோதனைகளை நீக்கிப் பார்த்தபோது 35 சோதனைகளில் 24இல் திருந்திய முறையே குறைவாக விளைந்தது; சராசரியாக நூற்றுக்கு 11 பங்கு குறைவு. இதனை நார்மன் அப்ஹாஃப் முதலியோர் 2008இல் மறுத்தனர். அவரும் அதே பல்கலைக்கழகத்தவர் என்பது வியப்பு. அச்சோதனைகள் பலவற்றில் முறையின் உறுப்புகள் முழுமையாகப் பின்பற்றப்படவில்லை என்பது அவர் வாதம். தாமிரபரணியின் 28 பங்கும் அந்த 11 பங்குக் குறைவும் ஒன்றையொன்று பொய்யாக்குவன அல்ல. முன்னது உழவரின் வழக்கத்தோடும் பின்னது அறிவியலாரின் சிறந்த முறையோடும் ஒப்பிட்டு எழுந்தது. இரண்டு வேறு வினாக்களுக்கு இரண்டு வேறு விடைகள் கிடைத்தன.

இனி அளவையைப் பற்றி ஒரு செய்தி. முழு வயலையும் அறுத்து நிறுக்காமல், ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து அதனுள் உள்ளதை அறுத்து, எக்டேருக்குப் பெருக்கிச் சொல்லும் வழக்கம் உண்டு. 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால், ஒரு சதுர மீட்டருக்கு உரியவை 16 குத்துகள். ஆனால் சட்டத்தின் இருபக்க விளிம்பும் குத்து வரிசைகளின் மேலேயே அமையுமாறு வைத்து, விளிம்பிலுள்ளவற்றையும் சேர்த்து அறுத்தால், ஐந்துக்கு ஐந்தாக 25 குத்துகள் வந்துவிடும். விளைச்சல் ஒன்றரை மடங்கிற்கும் மேலாகத் தோன்றும். நெருக்கி 20க்கு 10 சென்டிமீட்டராக நட்ட வயலில் 50 குத்துகளுக்குப் பதில் 66 குத்துகள் வரும். பிழை மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவு. ஒரே கவனக்குறைவு, அகல நட்ட வயலுக்கு மிகுதியான சலுகை தருகிறது! சிறிய துண்டுகளை அறுத்து மதிப்பிட்டால் விளைச்சல் மிகைப்படும் என்பதை இந்தியாவில் பி. வி. சுகாத்மே 1940களிலேயே வயற்சோதனைகளால் மெய்ப்பித்துள்ளார். ஈரமும் இவ்வாறே ஏமாற்றும். நூற்றுக்கு 22 பங்கு ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லில் உலர்ந்த பொருள் 780 கிலோவே. அதனை 14 பங்கு ஈரத்திற்கு மாற்றினால் 907 கிலோதான் நிற்கும். எத்துணைப் பரப்பை அறுத்தனர், எந்த ஈரத்திற்குத் திருத்தினர் என்னும் இரண்டும் கட்டுரையில் இருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் நிறைவாக இருப்பினும், திருப்போரூர்ப் பக்கத்து உழவரின் இரண்டாம் வினா எஞ்சி நிற்கிறது. தாமிரபரணி வற்றாத ஆறு. அவருடைய ஏரியோ வடகிழக்குப் பருவமழையை நம்பியது. வயலை உலர விட்டு மறுபடியும் வேண்டிய நாளில் நீர் பாய்ச்ச, நீர் கைவசம் இருத்தல் வேண்டும். உப்பங்கழிக்கு அணித்தான தாழ்நிலங்களில் மற்றொரு தடையும் உண்டு. நிலத்தடி நீர் உவராயின், மேல்மண் உலரும்போது அந்நீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறி, நீர் ஆவியாகி, உப்பை வேர்ப்பகுதியில் விட்டுச் செல்லும். நெற்பயிர் உப்பைத் தாங்காத பருவங்களுள் இரண்டு மூன்று இலை விட்ட இளமைப் பருவம் ஒன்று. 14 நாள் நாற்று ஏறத்தாழ அப்பருவத்ததே. தேங்கிய நீர் அங்கே உப்பைக் கரைத்துக் கீழே அமுக்கி வைத்திருக்கிறது. முதிர்ந்த நாற்று அதனை ஒருவாறு தாங்குகிறது. ஆகவே அந்நிலத்தில் வழக்கமான முறை அறியாமையால் வந்தது என்று கொள்ளுதற்கில்லை.

அவ்வுழவர் செய்யத் தக்கது, நாற்று விடுமுன் கிணற்று நீரையும் வயல் மண்ணையும் மண் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி உப்பின் அளவை அறிவதாம். அளவு குறைவெனின், நான்கு வரப்புகளுக்குட்பட்ட வயல்கள் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, காசு சுண்டி முறையை ஒதுக்கி, ஓரத்து இரு வரிசைகளை நீக்கி, எஞ்சியதை முழுமையாக அறுத்து, உலர்த்தி நிறுக்கலாம். நான்கு வயல்களில் கிடைக்கும் வேறுபாடு எத்துணை ஊசலாடும் என்பதை மேலே கண்டோம். ஆதலின் சம்பாவில் ஒருமுறையும் அடுத்த ஆண்டு சம்பாவில் ஒருமுறையும் செய்து பார்த்த பின்னரே அவர் முழு நிலத்தையும் மாற்றுவது பற்றி எண்ணுவார்.