பயனிலைக்குப் பின் தொங்கும் தொடர்கள்: ஆங்கிலச் சொல்வரிசையும் தமிழ் உரைநடையும்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்து, 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. உளுந்தூர்பேட்டை வட்டமும் புதிய மாவட்டத்தில் சேர்ந்தது. இச்செய்தியை ஆங்கிலத்தில் எண்ணித் தமிழில் எழுதினால் தொடர் எவ்வாறு அமையும் என்பதைக் காட்ட, இக்கட்டுரைக்கென அமைக்கப்பட்ட மாதிரி ஒன்று வருமாறு:

“உளுந்தூர்பேட்டை வட்டமானது கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாக உள்ளது, இது 2019 நவம்பர் 26 அன்று அரசால் தொடங்கி வைக்கப்பட்டது, விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட பிறகு.”

இதில் பொருந்தாத சொல் என ஒன்றும் இல்லை. இடர்ப்பாடு வரிசையில் உள்ளது. ஆங்கிலத்தில் பெயரை விளக்கும் தொடர் அப்பெயருக்குப் பின்னர் வரும். தமிழில் அது பெயரெச்சமாகிப் பெயருக்கு முன்னர் நிற்கும். ஆங்கில அமைப்பை அப்படியே பின்பற்றியவர், விளக்கத் தொடருக்கு இடமின்றி ‘இது’ என்ற சுட்டுப்பெயரால் அதை ஒட்டவைக்கிறார். அந்த ‘இது’ வட்டத்தைக் குறிக்கிறதா, மாவட்டத்தைக் குறிக்கிறதா? இலக்கணப்படி இரண்டிற்கும் பொருந்தும். செய்தியை முன்பே அறிந்தவர் சரியாகப் படிப்பார். அறியாதவர் வட்டமே 2019இல் தோன்றியது என்று கொள்ளக்கூடும். ‘பிரிக்கப்பட்ட பிறகு’ என்ற காலத்தொடரோ முற்றுவினையைக் கடந்து இறுதியில் தொங்குகிறது.

பயனிலைக்குப் பின் சொல் வருவதே தமிழுக்கு அயல் எனக் கூறிவிட முடியாது. ‘வந்து சேர்ந்துட்டான், மழைக்கு முன்னாடியே’ என்று பேசுவது இயல்பு. அங்கே குரல் தாழ்ந்து, பின்னர் நினைவுக்கு வந்ததைச் சேர்க்கிறது. அச்சில் அக்குரல் இல்லை. மேலும், மாதிரித் தொடரின் இறுதியில் நிற்பது பின்னினைவும் அன்று, நிகழ்ச்சியின் முதற்கட்டம்.

திருத்துவோர் பலர் செய்வது, பின்னால் உள்ளவற்றை எல்லாம் முன்னால் தள்ளுவது:

“விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2019 நவம்பர் 26 அன்று அரசால் தொடங்கி வைக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாக உளுந்தூர்பேட்டை வட்டம் உள்ளது.”

இலக்கணம் சீராயிற்று, ஓட்டம் வரவில்லை. செய்தி முழுவதும் பெயரெச்சத்திற்குள் அடங்கிவிட, பயனிலையாக வெறும் ‘உள்ளது’ எஞ்சுகிறது. எழுவாயைக் காண வாசகர் தொடரின் இறுதிவரை காத்திருக்க வேண்டியுள்ளது. பெயரெச்சம் முன்பே அறிந்ததைச் சுமக்க ஏற்றது. புதிதாகச் சொல்ல வேண்டியதை முற்றுவினையே தாங்க வேண்டும். எனவே சொற்களை இடம்மாற்றுவதற்கு முன்னர், பத்தி எதைப் பற்றியது என்பதை முடிவுசெய்வது தேவையாகிறது. பேச்சு வட்டத்தைப் பற்றியதாயின்:

“உளுந்தூர்பேட்டை வட்டம் முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது.”

பேச்சு மாவட்டத்தைப் பற்றியதாயின்:

“விழுப்புரம் மாவட்டத்தைப் பிரித்துக் கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாக்கிய அரசு, 2019 நவம்பர் 26 அன்று அதைத் தொடங்கி வைத்தது. உளுந்தூர்பேட்டை வட்டம் அம்மாவட்டத்தில் அடங்கும்.”

இரண்டிலும் ஒரு தொடர் இரண்டாகியுள்ளது. நிகழ்ச்சிகள் நடந்த வரிசையிலேயே வருகின்றன. ‘ஒரு பகுதியாக உள்ளது’ என்பது ‘அடங்கும்’, ‘சேர்ந்தது’ என்னும் வினைகளுக்குள் ஒடுங்கிவிட்டது. ‘வட்டமானது’ என்பதில் ‘ஆனது’ வேண்டியதில்லை.

‘அரசால் தொடங்கி வைக்கப்பட்டது’ என்ற செயப்பாட்டுவினை தனியே நோக்கத்தக்கது. செய்தவரைச் சுட்டாமல் செயப்படுபொருளையே எழுவாயாக்கிக் கூறும் வழக்கைத் தொல்காப்பியமே ஏற்கிறது. உரையாசிரியர்கள் ‘திண்ணை மெழுகிற்று’ என்பதை அதற்கு எடுத்துக்காட்டுவர். ‘தனி மாவட்டமானது’ என்ற தன்வினை இவ்வழக்கிற்கு அருகில் நிற்பது. செய்தவரை ‘ஆல்’ உருபோடு சொல்ல நேர்ந்தால், பெரும்பாலும் அவரையே எழுவாயாக்கிச் செய்வினையில் எழுதுவது எளிது. அறிக்கைகளில் ‘ஆல்’, ‘பட்டது’ இரண்டும் அடுத்தடுத்து வரும் தொடர்களை எண்ணிப்பார்த்தாலே இப்பழக்கம் எவ்வளவு வேரோடியுள்ளது என்பது புலப்படும்.

ஆயினும் ‘படு’வை முற்றாக நீக்குவது தவறான திருத்தமாகும். உளுந்தூர்பேட்டைச் சுங்கச்சாவடியைப் பற்றி ஒருவர் ‘கட்டணம் உயர்த்தப்பட்டது’ என்று எழுதியிருக்க, ஓட்டத்திற்காக அதை ‘கட்டணம் உயர்ந்தது’ என மாற்றினால், உயர்த்தியவர் உண்டு என்ற குறிப்பே மறைகிறது. ஆற்று நீர் உயர்ந்ததுபோல் அது தானே நிகழ்ந்ததாகிறது. உயர்த்தியவர் யார் எனத் தெரிந்தால் அவரை எழுவாயாக்கி ‘உயர்த்தியது’ என்று எழுதலாம். தெரியாவிட்டால் ‘உயர்த்தப்பட்டது’ என்பதே நேர்மையான வடிவம். அங்கு ‘படு’ ஆங்கிலத்தின் நிழலன்று, தமிழ் வினையின் வேலையையே செய்கிறது.