75 ஓம் எங்கே போகிறது?

தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் வீட்டு பல்பு ஒரு கணம் மங்கும். மின்சாரம் வரும் வழியிலுள்ள தடையில் கொஞ்சம் வோல்டேஜ் விழுந்துவிடுவதால் அப்படி ஆகிறது. பேட்டரியோ ஆம்ப்ளிஃபயரோ, மின்சாரம் தரும் எதற்குள்ளும் இப்படி ஒரு தடை உண்டு. அதற்குப் பெயர் வெளியீட்டு மின்தடை.

1968-ல் ஃபேர்சைல்டு நிறுவனம் வெளியிட்ட 741 என்ற ஆப்-ஆம்ப், மின்னணுவியல் படித்த பலருக்கும் பழக்கமான சிப். அதன் வெளியீட்டு மின்தடை 75 ஓம் என்று டேட்டா ஷீட் சொல்கிறது. 5 மில்லிஆம்பியர் இழுத்தாலே உள்ளே 0.375 வோல்ட் விழ வேண்டும். ஆனால் அதே சிப்பில் ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டி, சாதாரண மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் சுமையை மாட்டினாலும் கழற்றினாலும் எண் அசைவதில்லை.

பத்து மடங்கு பெருக்கும் சுற்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். 9 கிலோஓம், 1 கிலோஓம் என்ற இரு மின்தடைகள் வெளியீட்டில் பத்தில் ஒரு பங்கை மைனஸ் முனைக்குத் திருப்பி அனுப்புகின்றன. பிளஸ் முனையில் 0.1 வோல்ட் கொடுத்தால் வெளியீடு 1 வோல்ட். இப்போது 200 ஓம் சுமையை மாட்டுகிறோம். அது 5 மில்லிஆம்பியர் இழுக்கிறது. வெளியே 1 வோல்ட் நிற்க வேண்டுமானால், சிப் தனக்குள் 0.375 வோல்ட் கூடுதலாக எழுப்பியாக வேண்டும். அதன் சொந்தப் பெருக்கம் சுமார் 2,00,000. ஆகவே இரு உள்ளீட்டு முனைகளுக்கும் நடுவே வெறும் 1.9 மைக்ரோவோல்ட் வித்தியாசம் கூடினால் போதும். மைனஸ் முனை அவ்வளவு இறங்க, வெளியீடு அதைப்போல் பத்து மடங்கு, அதாவது 19 மைக்ரோவோல்ட், இறங்க வேண்டும். சுமைக்கு நாம் கொடுக்கும் விலை அவ்வளவுதான். 19 மைக்ரோவோல்ட்டை 5 மில்லிஆம்பியரால் வகுத்தால் 3.75 மில்லிஓம்.

75 ஓம் எங்கும் போகவில்லை. உள்ளே அப்படியேதான் இருக்கிறது. அதில் விழுவதை சிப் ஈடுகட்டிவிடுகிறது. சிப்பின் பெருக்கத்தை A என்றும், திரும்பி வரும் பங்கை β என்றும் எழுதினால் கணக்கு இதுதான்:

```
Rout = Ro / (1 + Aβ)
```

Aβ என்பதுதான் லூப் கெய்ன். நம் சுற்றில் அது 20,000. இதை நம்பி ஒரு ஓம் சுமையை மாட்டிவிடக் கூடாது. 741 தரக்கூடிய மின்னோட்டமே ஏறத்தாழ 25 மில்லிஆம்பியர்தான். அதற்கு மேல் கேட்டால் பின்னூட்டம் கைவிட்டுவிடும், இந்தச் சூத்திரமும் செல்லாது. இன்னொன்று: அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கம்பி பத்து சென்டிமீட்டர் நீண்டாலே ஒன்பது மில்லிஓம் ஆகிவிடும். 9 கிலோஓம் மின்தடையைச் சிப்பின் காலில் பற்றவைக்காமல் சுமையின் முனையிலேயே பற்றவைத்தால்தான் அந்தக் கம்பியும் ஈடுகட்டப்படும்.

இவ்வளவும் மெதுவாக மாறும் மின்னோட்டத்துக்குத்தான். 741-க்குள் இருக்கும் 30 பிகோஃபாரட் மின்தேக்கி, சுற்று தானாக அதிரத் தொடங்காமலிருக்க, சுமார் 5 ஹெர்ட்ஸிலிருந்தே பெருக்கத்தைக் குறைக்கத் தொடங்குகிறது. அதிர்வெண் பத்து மடங்கானால் பெருக்கம் பத்தில் ஒன்றாகும். 10 கிலோஹெர்ட்ஸில் மிஞ்சுவது சுமார் 100, லூப் கெய்ன் வெறும் 10. சுமையின் மின்னோட்டம் அந்த வேகத்தில் 5 மில்லிஆம்பியர் ஏறி இறங்கினால், வெளியீட்டில் 37 மில்லிவோல்ட் ஆட்டம் ஆசிலோஸ்கோப்பில் நன்றாகவே தெரியும். அங்கே நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 7.5 ஓம். 3.75 மில்லிஓம் கணக்கு செல்லுபடியாகும் இடம் 5 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் என்பதைப் பாடப்புத்தகங்கள் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

அதிர்வெண்ணோடு சேர்ந்து ஏறும் மின்தடை என்றால் அது கம்பிச்சுருளின் குணம். நம் சுற்று வெளியே பார்ப்பதற்கு 75 ஓமும் 120 மைக்ரோஹென்றிச் சுருளும் பக்கவாட்டில் இணைந்ததுபோல் நடந்துகொள்கிறது. இரைச்சலைக் குறைக்கலாமே என்று யாராவது வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்தால், இல்லாத அந்தச் சுருளோடு அது ஜோடி சேர்ந்து 46 கிலோஹெர்ட்ஸ் அளவில் அதிரும். சதுர அலை கொடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு விளிம்பிலும் அலை துள்ளித் துள்ளி அடங்குவது தெரியும்.

சிப்புக்கும் மின்தேக்கிக்கும் நடுவே சுமார் 50 ஓம் வைத்தால் துள்ளல் அடங்கும். ஆனால் அந்த 50 ஓம் பின்னூட்டத்துக்கு வெளியே நிற்பதால் டி.சி.யிலும் அப்படியே வெளியீட்டு மின்தடையாகிவிடும். அதனால் மெதுவான மாற்றங்களுக்குரிய பின்னூட்டத்தை அந்த 50 ஓமுக்கு அப்பாலிருந்தும், வேகமானவற்றுக்குரியதை ஒரு சிறு மின்தேக்கி வழியாகச் சிப்பின் காலிலிருந்தும் எடுப்பார்கள்.