குறுக்குக்குச்சியை எங்கே கட்டினாலும் தாள் அதே அளவுதான்

50 செ.மீ. நீளத்தில் ஒரு மூங்கில் குச்சி, 48 செ.மீ. நீளத்தில் இன்னொன்று. நீளமானதை நெட்டுக்கு வைத்து, மற்றதை அதன்மேல் குறுக்கே கட்டி, நான்கு நுனிகளையும் நூலால் இழுத்து இணைத்தால் பட்டத்தின் சட்டம் தயார். குறுக்குக்குச்சியை மேல்நுனியிலிருந்து 18 செ.மீ. கீழே கட்டினால் ஒரு வடிவம் கிடைக்கும். 7 செ.மீ.யிலேயே கட்டிவிட்டால் தோள் உயர்ந்து, கீழ்ப்பகுதி ஒடுங்கி நீண்ட வேறொரு வடிவம் வரும். இரண்டில் எதற்கு அதிகத் தாள் வேண்டும்?

எதற்கும் அதிகம் வேண்டாம். ஒட்டுவதற்கான மடிப்பை விட்டுவிட்டால், இரண்டுக்கும் சரியாக 1200 சதுர செ.மீ. தாள்தான். பள்ளியில் படித்த சூத்திரமும் இதைத்தான் சொல்கிறது: இரண்டு மூலைவிட்டங்களையும் பெருக்கு, பாதியாக்கு. பட்டத்தில் அந்த இரண்டு குச்சிகளே மூலைவிட்டங்கள். 50-ஐ 48-ஆல் பெருக்கினால் 2400, அதில் பாதி 1200. குச்சிகள் எந்த இடத்தில் வெட்டிக்கொள்கின்றன என்று சூத்திரம் கேட்பதே இல்லை. வடிவம் இவ்வளவு மாறும்போது அதை எப்படிக் கேட்காமல் இருக்க முடிகிறது என்பதுதான் விஷயம்.

குறுக்குக்குச்சி பட்டத்தை இரண்டு முக்கோணங்களாகப் பிரிக்கிறது, மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டுக்கும் அடிப்பக்கம் அதே 48 செ.மீ. குச்சிதான். முதல் பட்டத்தில் மேல் முக்கோணத்தின் உயரம் 18. அடிப்பக்கத்தில் பாதியான 24-ஐ 18-ஆல் பெருக்கினால் 432. கீழ் முக்கோணத்தின் உயரம் மீதமுள்ள 32. 24-ஐ 32-ஆல் பெருக்கினால் 768. கூட்டினால் 1200. இரண்டாவது பட்டத்தில் மேலே 24 × 7 = 168, கீழே 24 × 43 = 1032. கூட்டினால் மறுபடியும் 1200.

குச்சியை மேலே நகர்த்தும்போது மேல் முக்கோணம் எவ்வளவு இழக்கிறதோ, அவ்வளவும் கீழ் முக்கோணத்துக்குப் போய்ச் சேர்கிறது. இரண்டு உயரங்களையும் கூட்டினால் எப்போதும் நெட்டுக்குச்சியின் முழு நீளம்தானே வரும்? எனவே பாதி அடிப்பக்கத்தை இரண்டு உயரங்களால் தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டுவதும், முழு நெட்டுக்குச்சியால் ஒரே தடவை பெருக்குவதும் ஒன்றுதான். நிரூபணம் இவ்வளவே.

அந்த ‘பாதி’யைக் கண்ணாலேயே பார்க்க ஒரு வழி உண்டு. பட்டத்தின் நான்கு நுனிகளையும் தொட்டுக்கொண்டு, குச்சிகளுக்கு இணையாக ஒரு செவ்வகம் வரையுங்கள். அது 50-க்கு 48. குச்சிகள் அந்தச் செவ்வகத்தை நான்கு சிறு செவ்வகங்களாக வெட்டும். பட்டத்தின் ஒவ்வொரு விளிம்பும் ஒரு சிறு செவ்வகத்தை மூலையிலிருந்து மூலைக்கு இரண்டாகப் பிளக்கும். ஒரு பாதி பட்டத்துக்குள், மறுபாதி வெளியே. நான்கிலும் இப்படியே. ஆகவே உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் சரிசமம். பரீட்சையில் பாதியாக்க மறந்து 2400 என்று எழுதும் பிள்ளை, பட்டத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள செவ்வகத்தை அளந்திருக்கிறது என்று பொருள்.

இரண்டு வழிகளிலும் ஒன்றைச் சொல்லாமலே எடுத்துக்கொண்டோம்: குச்சிகள் செங்கோணத்தில் வெட்டிக்கொள்கின்றன. 18-ஐயும் 32-ஐயும் முக்கோணத்தின் உயரம் என்று எடுத்துக்கொள்ள அந்தச் செங்கோணம்தான் உரிமை தருகிறது. பட்டத்தில் அது எப்போதும் இருக்குமா? இருக்கும். கணக்கில் பட்டம் என்றால் அடுத்தடுத்த இரண்டு பக்கங்கள் ஒரே நீளம், மற்ற இரண்டும் தமக்குள் ஒரே நீளம். ஆக, மேல்நுனி இடது நுனிக்கும் வலது நுனிக்கும் ஒரே தூரத்தில் இருக்கிறது. கீழ்நுனியும் அப்படியே. இரண்டு புள்ளிகளுக்கும் சம தூரத்தில் உள்ள இடங்கள் எல்லாம், அவற்றை இணைக்கும் கோட்டைச் செங்குத்தாக நடுவில் வெட்டும் கோட்டின்மேல்தான் இருக்க முடியும். மேல்நுனியும் கீழ்நுனியும் அந்தக் கோட்டில் இருப்பதால் நெட்டுக்குச்சியே அந்தக் கோடு.

பரப்பளவு மாறாவிட்டாலும் விளிம்பு நூலின் நீளம் மாறும். 18 செ.மீ.யில் கட்டிய பட்டத்தின் மேல் விளிம்புகள் 30 செ.மீ., கீழ் விளிம்புகள் 40 செ.மீ., சுற்றளவு 140. 7 செ.மீ.யில் கட்டினால் சுற்றளவு ஏறக்குறைய 148.5 ஆகிவிடும். சரியாக நடுவில், 25 செ.மீ.யில் கட்டினால் பட்டம் சாய்சதுரமாகும், நூல் சுமார் 138.6 செ.மீ. போதும். மிகக் குறைவாக நூல் கேட்பது அந்த இடம்தான். பறப்பது எது நன்றாகப் பறக்கும் என்பது வேறு சங்கதி, அதற்கும் இந்தச் சூத்திரத்துக்கும் உறவில்லை.

உண்மையான பட்டத்தை அளக்கும்போது ஆளைக் கவிழ்ப்பது வில். சதுரத் தாளை மூலை மேலாக வைத்துச் செய்யும் காத்தாடியில் குறுக்குக்குச்சி நேராக இராது. வளைந்து, அதன் இரு முனைகளும் தாளின் இரண்டு மூலைகளில் ஒட்டியிருக்கும். 45 செ.மீ. சதுரத் தாள் என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவு 45 × 45 = 2025 என்பதில் சந்தேகமில்லை. அதன் மூலைவிட்டம் ஒவ்வொன்றும் சுமார் 63.6 செ.மீ., சூத்திரமும் கிட்டத்தட்ட அதே விடையைத் தரும். ஆனால் வளைந்த குச்சியைக் கழற்றி அளந்து, அது 70 செ.மீ. இருக்கிறது என்று அந்த எண்ணைப் போட்டால் 2226 வரும், பத்து சதவீதம் கூடுதல். மூலைவிட்டம் என்பது மூலைக்கு மூலை நேர்த்தூரம். குச்சி வளைந்துவிட்டால் அது மூலைவிட்டம் அல்ல, டேப்பை மூலைக்கு மூலை பிடிக்க வேண்டியதுதான்.

குறுக்குக்குச்சி சாய்ந்துபோனால் என்ன ஆகும்? பக்கங்கள் சமமாக இல்லாததால் அது கணக்கின்படி பட்டமே அல்ல. பரப்பளவும் குறையும், ஆனால் மெதுவாக. நம் 50-க்கு 48 சட்டத்தில் கோணம் 90-லிருந்து 80 பாகைக்கு இறங்கினால் 1200 என்பது சுமார் 1182 ஆகும். 60 பாகைக்குச் சாய்ந்தால் சுமார் 1039. கையால் கட்டும்போது வரும் ஓரிரு பாகைப் பிசகுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. மாறாக, குச்சி செங்குத்தாகவே இருந்து, நடுவில் கட்டாமல் ஒரு பக்கமாகத் தள்ளிக் கட்டிவிட்டீர்கள் என்றால் சட்டம் கோணலாகும், பட்டம் ஒருபக்கமாக இழுக்கும், ஆனால் பரப்பளவு அசையாமல் அதே 1200. மேலும் கீழும் உள்ள உயரங்கள் மாறவில்லையே! சூத்திரத்துக்கு வேண்டியது செங்கோணம் ஒன்றுதான். பட்டத்தின் சமச்சீர் அந்தச் செங்கோணத்துக்கு உத்தரவாதம் தருகிறது, அதற்குமேல் அதற்கு இங்கே வேலை இல்லை.

இதனால் மூலைவிட்டங்கள் செங்கோணத்தில் வெட்டும் எந்த நாற்கரத்துக்கும், கோணலான நிலத்துண்டுக்கும்கூட, இந்தச் சூத்திரத்தைத் துணிந்து போடலாம். மற்றவற்றுக்குப் போடக் கூடாது. 40-க்கு 30 செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் 50. பெருக்கிப் பாதியாக்கினால் 1250 வரும், உண்மையில் அதன் பரப்பளவு 1200தான். ஆகவே டேப்பை எடுக்கும் முன் வெட்டும் இடத்தில் ஒரு மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள்.