35 புல் ரெக்வெஸ்ட் வைத்து ஒரு ஒத்திகை

கிட்ஹப்பில், தன் மாற்றத்தைப் பொது நிரலில் சேர்க்கச் சொல்லி ஒருவர் கேட்பதுதான் புல் ரெக்வெஸ்ட். நாள்கணக்கில் யாரும் பார்க்காமல் கிடப்பவற்றைத் தேடி, நினைவூட்டல் கமென்ட் போடும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். அதை நேரே அலுவலக ரெப்போவில் ஓட்டினால், சிறு பிழை போதும், எல்லோருடைய மின்னஞ்சலும் நிரம்பிவிடும்.

அதனால் சோதனைக்கென்றே தனி ரெப்போ ஒன்றைத் திறங்கள். டோக்கன் எடுக்கும்போது `Only select repositories` என்பதில் அதை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஸ்கிரிப்டில் ரெப்போவின் பெயரைத் தவறாகக் கொடுத்தாலும், அந்த டோக்கனால் வேறெங்கும் கமென்ட் போட முடியாது.

இரண்டு மூன்று புல் ரெக்வெஸ்ட்டை வைத்துப் பார்த்துவிட்டுப் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அது போதவே போதாது. கிட்ஹப்பின் ஏபிஐ, கேட்காவிட்டால் பக்கத்துக்கு 30தான் தரும். கேட்டாலும் 100க்கு மேல் தராது. புதியவை முதலில் வருவதால், விடுபடுபவை நாம் தேடும் பழையவையேதான். பிழைச்செய்தி எதுவும் வராது.

சோதனை ரெப்போவில் 35 புல் ரெக்வெஸ்ட் திறந்து வையுங்கள். பழையதாகும்வரை காத்திருக்க வேண்டாம். ‘ஏழு நாள்’ என்ற வரம்பை ஒரு நிமிடமாக்கி ஓட்டுங்கள். பட்டியல் 30இலேயே நின்றால், அடுத்த பக்கத்தைக் கேட்கும் வரி ஸ்கிரிப்டில் இல்லை என்று பொருள்.