கீரை ஆய்கிற வீட்டைத் தேடுங்கள்

திருப்போரூர் பக்கம் ஒன்றரை ஏக்கரில் கீரையும் கத்தரியும் வெண்டையும் போடுகிற ஒருவருக்கு, ஓ.எம்.ஆர். சாலை நெடுக எழுந்து நிற்கிற அடுக்குமாடிகளைப் பார்த்தால் ஆசை வருவது இயல்பு. அத்தனை வீட்டிலும் சமையல் நடக்கிறதே, நேரே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன என்று தோன்றும். கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கலாம் என்றுதான் பலரும் இறங்குகிறார்கள். இந்தத் தொழில் நொடிப்பதும் பெரும்பாலும் அதனால்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காலை ஆறு மணிக்கு முப்பது ஆர்டரோடு குட்டி யானை வண்டி கிளம்புகிறது. அந்த முப்பதும் பத்து குடியிருப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் செக்யூரிட்டியிடம் பெயர் எழுதி, வீட்டுக்காரர் அனுமதி தந்து, வண்டி உள்ளே போகப் பத்து நிமிஷம். அடுத்த குடியிருப்புக்குப் போக இன்னொரு பத்து நிமிஷம். லிப்டுக்குக் காத்திருந்து பையைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வீட்டுக்கு ஐந்து நிமிஷம். கடைசிப் பை போய்ச் சேரும்போது மணி ஏறக்குறைய பன்னிரண்டு. கீரை துவண்டிருக்கும், அந்த வீட்டில் மதியச் சமையலும் முடிந்திருக்கும். அதே முப்பது ஆர்டரும் இரண்டே குடியிருப்பில் இருந்தால், ஒரே மாடியில் இரண்டு மூன்று வீடுகளை முடித்துவிடலாம். வீட்டுக்கு மூன்று நிமிஷம் போதும். எட்டேகாலுக்கு வண்டி காலி.

ஆகவே முதலில் இரண்டு குடியிருப்புகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். விளம்பரப் பலகை நானூறு வீடு என்று சொல்லும். பாதி பூட்டியே கிடக்கலாம். இரவு எட்டு மணிக்கு வெளியே நின்று எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது, எத்தனை பால்கனியில் துணி காய்கிறது என்று பாருங்கள். காலையில் எத்தனை பள்ளி வேன் வந்து நிற்கிறது என்று கவனியுங்கள். மாலையில் பெரியவர்கள் கூட்டமாக நடக்கிறார்களா என்பதை இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

காரணம் கீரை. கடைக்கும் பத்து நிமிஷத்தில் கொண்டுவந்து தருகிற செயலிக்கும் முன்னால் ஒரு விவசாயி வெல்லக்கூடிய சரக்கு, நேற்று மாலை பறித்து ஈரச் சாக்கில் சுற்றி வந்த அரைக்கீரையும் சிறுகீரையும்தான். உருளைக்கிழங்கிலும் வெங்காயத்திலும் அவரால் போட்டி போட முடியாது. ஆனால் கீரைக்கட்டைப் பிரித்து, தண்டு கிள்ளி, ஆய்ந்து, மண் போக அலச அரை மணி நேரம் பிடிக்கும். கணவன் மனைவி இருவரும் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிற வீட்டில் அந்த அரை மணி கிடையாது. முதல் வாரம் ஆசையாக வாங்குவார்கள். மூன்றாம் வாரம் கட்டு ஃப்ரிட்ஜில் அழுகும். நான்காம் வாரம் ஆர்டர் நின்றுவிடும். பாட்டியோ தாத்தாவோ இருக்கிற வீட்டில் கீரை வாரம் இரண்டு நாள் நிச்சயம். முள்ளுக் கத்தரி எது, பிஞ்சு வெண்டை எது என்று தெரிந்து கேட்பவர்களும் அவர்களே. ஒன்பது மணிக்குக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள்.

வருமானத்தை வைத்து வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பது தவறான அளவுகோல் என்பேன். நான்கு இளைஞர்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கிற வீட்டில் சம்பளம் அதிகம், அடுப்பு எரிவது குறைவு. வட இந்தியக் குடும்பங்கள் நன்றாகச் சமைப்பவர்கள். ஆனால் கேட்பது மேத்தி, பச்சைப் பட்டாணி, காலிபிளவர். இவற்றை நம் சமவெளி வெயிலில் ஆண்டு முழுக்க விளைவிக்க முடியாது. அவர்களுக்காகக் கோயம்பேட்டில் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தால் அன்றோடு நீங்கள் விவசாயி இல்லை, வியாபாரி. அந்தப் போட்டியில் உங்களைவிடப் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எண்பது பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். அதை நம்பி விதைக்கக் கூடாது. நான்கு வாரத்துக்கான பணத்தில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கேளுங்கள், எண்பது இருபதாகலாம். அந்த இருபதுதான் மெய்யான எண்ணிக்கை. பிறகு நான்காவது வாரமும் வாங்குகிறவர்களை மட்டும் தனிநோட்டில் எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு கிலோவோடு நிறுத்துகிற குடும்பம் மீதியை வேறு இடத்தில் வாங்குகிறது. என்ன காய், எங்கே என்று நேரில் கேளுங்கள். அது உங்கள் மண்ணில் வருமென்றால் அடுத்த பாத்தி அதற்கு.

நிலையான வீடுகள் தெரிந்துவிட்டால் விதைப்பும் சீராகிவிடும். சிறுகீரை விதைத்த இருபத்தைந்து நாள் வாக்கில் பறிப்புக்கு வரும். முப்பது வீட்டுக்கு வாரம் இரண்டு கட்டு என்றால் அறுபது கட்டு. அந்த அளவுக்கு வாரம் ஒரு பாத்தியாகப் பிரித்து விதைத்தால் முற்றிப்போய் மாட்டுக்குப் போகிற கீரை வெகுவாகக் குறையும்.

முப்பது வீடு நான்கு மாதம் நிலைத்து நிற்கும்வரை மூன்றாவது குடியிருப்பிலிருந்து அழைப்பு வந்தாலும் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.