பேட்டரியை எப்போது மாற்றுவது?

Service Recommended. மேக்புக்கின் பேட்டரி அமைப்புகளில் இந்த வரியைப் பார்த்ததும் பலர் பதறிப்போய் சர்வீஸ் சென்டரைத் தேடுகிறார்கள். புதிதாக இருந்தபோது கொண்ட அளவு மின்சாரத்தை பேட்டரி இப்போது கொள்வதில்லை, அல்லது சரியாக இயங்கவில்லை என்பதே அதன் பொருள். மற்றபடி, அன்றே மாற்றியாக வேண்டும் என்ற கட்டளை அல்ல அது.

எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை எண்களில் பார்க்க முடியும். விண்டோஸ் மடிக்கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதைத் தட்ட வேண்டும்:

```
powercfg /batteryreport
```

அறிக்கை ஒன்று கோப்பாகச் சேமிக்கப்படும். அது இருக்கும் இடமும் திரையில் தெரியும். அதில் DESIGN CAPACITY என்பது தொழிற்சாலையில் வகுத்த கொள்ளளவு, FULL CHARGE CAPACITY என்பது இன்று முழுதாக ஏற்றினால் பிடிக்கும் அளவு. முதலாவது 50,000, இரண்டாவது 38,500 மில்லிவாட் மணி என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சியிருப்பது 77 சதவீதம், தேய்மானம் 23.

இதை மணிக்கணக்கில் பார்த்தால் தெளிவாகப் புரியும். எழுத்து வேலைக்கு அந்த மடிக்கணினி சராசரியாக 8 வாட் இழுத்தால், புதிதில் ஆறேகால் மணி நேரம் தாங்கியிருக்கும். இப்போது ஐந்து மணிக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். மேசையிலேயே சார்ஜரோடு வேலை செய்பவருக்கு இது இழப்பே இல்லை. பிளக் கிடைக்காத வகுப்பறையில் ஆறு மணி நேரம் உட்காரும் மாணவருக்கோ போதாது.

CYCLE COUNT என்ற எண்ணையும் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். சார்ஜர் செருகிய தடவைகளை அது எண்ணுவதில்லை. இன்று பாதி, நாளை பாதி என்று செலவழித்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுற்று. அண்மைக்கால மேக்புக் பேட்டரிகளுக்கு ஆப்பிள் வைத்திருக்கும் வரம்பு 1,000 சுற்று. ஆனால் வெப்பமும், எந்நேரமும் நூறு சதவீதத்திலேயே வைத்திருப்பதும் சுற்று ஏறாமலேயே பேட்டரியை முதுமையாக்கிவிடும்.

இந்தக் கொள்ளளவு எண் ஒரு மதிப்பீடுதான். வாரத்துக்கு வாரம் சற்று ஏறி இறங்கும். ஒரே ஒரு அறிக்கையை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

எண்ணைவிட நடத்தை முக்கியம். 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே, வீடியோ எடிட்டிங் போன்ற கனத்த வேலையில் இயந்திரம் சட்டென்று அணைந்தால், பேட்டரியின் உள்மின்தடை ஏறியிருக்கக்கூடும்: பளு கூடியதும் மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது. அடிக்கடி இப்படி நடந்தால் மாற்றுவதே சரி.

டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ, சதவீதம் 90 ஆக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. பேட்டரி உள்ளே உப்பியிருக்கலாம். சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தி, அழுத்தாமல், குத்தாமல் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும்.

மாற்றிய பிறகு அதே கட்டளையை மறுபடி ஓட்டிப் பார்ப்பது நல்லது. இரண்டு கொள்ளளவுகளும் ஏறக்குறைய ஒன்றாக இல்லாவிட்டால், கடைக்காரரிடம் அறிக்கையைக் காட்டி விளக்கம் கேட்கலாம்.